மூன்று தேர்வுகள், எத்தனை கிளிப்? கிளைக்கதை வீடியோவுக்கு எந்த ஃப்ளோசார்ட் அமைப்பு

பார்ப்பவரே கதையின் வழியைத் தேர்ந்தெடுக்கும் வீடியோ ஒன்றை எடுக்கத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கதை கையில் இருக்கும், தேர்வுகளும் மனதில் இருக்கும். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் கதையைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டே போவதா, பிரித்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்வதா என்பதில்தான் கை நின்றுவிடும். இதை முடிவு செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கினால், படப்பிடிப்பு நாளன்று கிளிப்புகளின் எண்ணிக்கை கைமீறிப் போயிருக்கும்.

நடைமுறையில் மூன்று அமைப்புகள் உண்டு. முழுக்கிளை அமைப்பில் பிரிந்த வழிகள் மறுபடி சேர்வதே இல்லை. பிரிந்து சேரும் அமைப்பில் ஒவ்வொரு பிரிவும் சிறிது தூரத்தில் ஒரு பொதுக் காட்சியில் கூடிவிடும். ஒற்றைத் தண்டு அமைப்பில் சரியான வழி ஒன்றுதான். மற்றத் தேர்வுகள் அங்கேயே முடிந்துவிடும். மூன்றையும் ஒரே சிறுகதையை வைத்து எடைபோட்டால்தான் வித்தியாசம் புரியும்.

## எடுத்துக்காட்டுக் கதை

மலர் நூலகத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மேசையில் யாரோ விட்டுச்சென்ற ஃபோன் ஒன்று ஒலிக்கிறது.

முதல் தேர்வு: அழைப்பை எடுப்பதா, எடுக்காமல் விடுவதா? மூடும் நேரம் வருகிறது. இரண்டாவது தேர்வு: ஃபோனை நூலகரிடம் கொடுப்பதா, பையில் வைத்துக்கொள்வதா? வாசலில் ஓர் இளைஞன், "என் ஃபோனைப் பார்த்தீங்களா?" என்கிறான். மூன்றாவது தேர்வில் மட்டும் மூன்று விடைகள்: கொடுத்துவிடு, அடையாளம் கேள், ஃபோன் இல்லை என்று சொல்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எத்தனை கிளிப் எடுக்க வேண்டும் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். அதைவிட முக்கியமானது, எடுத்த காட்சியில் ஒருவர் ஒருமுறை பார்ப்பது எவ்வளவு என்பது. பன்னிரண்டு நிமிடம் எடுத்து மூன்று நிமிடத்தை மட்டும் ஒருவர் பார்த்துவிட்டுப் போனால், மீதி உழைப்பு அவர் மறுபடி வந்தால்தான் பலன் தரும்.

அடுத்தது தேர்வின் கனம். தான் தேர்ந்ததால் ஏதோ மாறியது என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். கடைசி அளவுகோல் முடிவின் தெளிவு. ஃபோன் இப்போது யாரிடம் இருக்கிறது, நான் செய்த எந்தச் செயலால் இப்படி ஆனது, இனி எங்கே போகலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் நின்றுவிடும் கிளிப்பை முடிவு என்று எண்ணக் கூடாது.

ஒவ்வொரு கிளிப்பும் 40 விநாடி என்று வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கணக்கிட்டால்:

| | முழுக்கிளை | பிரிந்து சேர்வது | ஒற்றைத் தண்டு |
|---|---|---|---|
| எடுக்க வேண்டிய கிளிப் | 19 | 10 | 8 |
| முடிவுகள் | 12 | 3 | 5 |
| எடுத்த மொத்த நேரம் | 12 நி. 40 வி. | 6 நி. 40 வி. | 5 நி. 20 வி. |
| ஒருவர் ஒருமுறை பார்ப்பது | 2 நி. 40 வி. | 4 நிமிடம் | 2 நி. 40 வி. (தவறு செய்யாவிட்டால்) |
| சோதிக்க வேண்டிய வழிகள் | 12 | 12 | 5 |

கடைசி வரியைக் கவனியுங்கள். பிரிந்து சேரும் அமைப்பில் கிளிப் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தாலும் வழிகள் குறைவதில்லை. படப்பிடிப்பில் மிச்சமாகும் வேலையின் ஒரு பங்கு சரிபார்ப்பில் திரும்பி வரும்.

## முழுக்கிளை அமைப்பு

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விடை என்றால், தேர்வு ஒன்று கூடும்போது முடிவுகள் இரட்டிக்கின்றன. இரண்டு தேர்வுக்கு 7 கிளிப், மூன்றுக்கு 15, நான்குக்கு 31, ஐந்துக்கு 63. நமது கதையில் கடைசித் தேர்வுக்கு மூன்று விடை இருப்பதால் 1 + 2 + 4 + 12 என்று 19 ஆகிறது.

இதன் பலம் நேர்மை. ஒரு கிளிப்புக்கு வரும் வழி ஒன்றே ஒன்றுதான் என்பதால், முன்பு நடந்ததை வசனத்தில் தாராளமாகச் சொல்லலாம். முரண்பாடு வர இடமே இல்லை. ஃபோனை எடுத்துப் பேசிய மலரும் பேசாத மலரும் கடைசிவரை வேறு வேறு ஆட்களாகவே நடந்துகொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு முடிவுகளில் இருக்கிறது. இந்தச் சின்னக் கதைக்குப் பன்னிரண்டு தனித்தனி முடிவுகளை யோசிப்பது கடினம். ஐந்தாறு எழுதியதும் மீதி எல்லாம் அவற்றின் சாயலாகிவிடும். அப்படி ஆன பிறகு இரண்டாம் முறை விளையாடுபவர் வேறு வழியில் போயும் கிட்டத்தட்ட அதே காட்சியைப் பார்ப்பார். உழைப்பு இரண்டு மடங்கு, பலன் ஒன்று. எல்லோரும் எல்லா விடைகளையும் சமமாகத் தேர்ந்தாலும், ஒரு முடிவை நூற்றில் எட்டுப் பேர்தான் பார்ப்பார்கள்.

ஆகவே இதை இரண்டு தேர்வுக்குள் முடியும் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கிளிப், நான்கு முடிவு என்பது ஒரு சிறு குழு தாங்கக்கூடிய அளவு. முதல் தேர்விலேயே இடமும் ஆட்களும் அடியோடு மாறும் கதைக்கும் இதுவே பொருந்தும்; அங்கே சேர்ப்பதற்குப் பொதுக் காட்சி என்று ஒன்று இருக்காது.

## ஒற்றைத் தண்டு அமைப்பு

தொடக்கத்திலிருந்து நல்ல முடிவு வரை நேராக நான்கு கிளிப். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு குட்டி முடிவு, நான்கு. மொத்தம் எட்டு. எடுப்பதற்கும் சோதிப்பதற்கும் இதுவே எளிது.

சரி, தவறு என்று உண்மையிலேயே இருக்கும் விஷயங்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். தீயணைப்பான் பயிற்சி, முதலுதவி, இயந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்துவது போன்ற பாடங்களில் தவறான விடையை அங்கேயே முடித்து, ஏன் தவறு என்று காட்டி, மறுபடி அதே தேர்வுக்குக் கொண்டுவருவதுதான் முறை. தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பார்த்த காட்சியை மறுபடி உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் பலர் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள்.

கதைக்கு இது சரிவராது என்பதற்குக் காரணம், பார்ப்பவர் மலராக யோசிப்பதை நிறுத்திவிட்டு எழுதியவர் எதைச் சரி என்று வைத்திருப்பார் என்று யூகிக்கத் தொடங்குவதுதான். அழைப்பை எடுக்காமல் விட்டால் கதை முடிந்தது என்றால், அது தேர்வாகத் தெரியாது, பரீட்சையாகத் தெரியும்.

## பிரிந்து சேரும் அமைப்பு

1967-இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் கினோஆட்டோமாட் என்ற படக்காட்சி நடந்தது. பார்வையாளர்கள் இருக்கையிலிருந்த பொத்தானை அழுத்தி அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். ஒவ்வொரு பிரிவும் அடுத்த தேர்வுக்குள் ஒன்றுசேர்ந்துவிடும்படி கதை கட்டப்பட்டிருந்ததால் இரண்டு புரொஜெக்டர்களே போதுமாயிருந்தன. இன்றைக்கும் கிளிப் எண்ணிக்கையைக் கட்டிவைக்கும் வழி அதுதான்.

நமது கதையின் ஃப்ளோசார்ட்டை அம்புகளாக எழுதினால் இவ்வளவுதான்; சந்தி என்பது வழிகள் சேரும் பொதுக் காட்சி, மு என்பது முடிவு:

```
தொடக்கம் -> 1அ (எடு), 1ஆ (எடுக்காதே)
1அ, 1ஆ -> சந்தி1 (மூடும் நேரம்)
சந்தி1 -> 2அ (நூலகரிடம்), 2ஆ (பையில்)
2அ, 2ஆ -> சந்தி2 (வாசலில் இளைஞன்)
சந்தி2 -> மு1 (அடையாளம்), மு2 (கொடு), மு3 (இல்லை)
```

பத்துக் கிளிப், பதினொரு அம்பு. தாளில் வரையும்போது கிளிப்புக்குச் சதுரக் கட்டம், தேர்வுக்குச் சாய்சதுரம், முடிவுக்கு நீள்வட்டம் போடுங்கள். வரைந்ததும் இரண்டு சோதனை. நீள்வட்டமாக இல்லாமல் வெளியே போகும் அம்பும் இல்லாத கட்டம் இருந்தால், அங்கே கதை அறுந்திருக்கிறது. உள்ளே வரும் அம்பு இல்லாத கட்டம் இருந்தால், அந்தக் கிளிப்பை யாரும் பார்க்கப்போவதில்லை. தொடக்கம் மட்டும் விலக்கு.

### தேர்வு பொய்யாகிவிடாமல் இருக்க

இந்த அமைப்பின் மேல் சொல்லப்படும் குற்றம், எதைத் தேர்ந்தாலும் ஒரே இடத்துக்குத்தானே வருகிறோம் என்பது. நூலகரிடம் கொடுத்தால் அவர், "இன்னைக்குப் பதிவேட்டை மூடியாச்சு, நாளைக்குக் கொண்டு வாங்க" என்று திருப்பித் தந்துவிடுகிறார். பையில் வைத்தாலும் ஃபோன் மலரிடம்தான். இவ்வளவோடு விட்டால் இரண்டாவது தேர்வு வெறும் கண்துடைப்பு.

இதற்கு நல்ல மருந்து, ஒவ்வொரு விடைக் கிளிப்பிலும் வேறு வேறு தகவலை வைப்பது. 1அ-வில் ஒரு பெண்குரல், "என் பொண்ணு ஃபோனுங்க அது" என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. 1ஆ-வில் திரையில் "அம்மா" என்ற பெயர் மட்டும் தெரிந்து மறைகிறது. 2அ-வில் நூலகர், மதியம் முழுக்க அந்த மேசையில் ஒரு பெண்தான் உட்கார்ந்திருந்தாள் என்கிறார். 2ஆ-வில் மலர் பையில் வைக்கும்போது பூட்டுத்திரையில் சாம்பல்நிறப் பூனை ஒன்றின் படம் தெரிகிறது.

இப்போது சந்தி2-இல் இளைஞன் வந்து, "என் ஃபோன்" என்கிறான். காட்சி எல்லோருக்கும் ஒன்றேதான். ஆனால் பெண்ணுடைய ஃபோன் என்று கேட்டவருக்கு அவன் பொய் சொல்கிறான் என்று தெரியும். பூனையை மட்டும் பார்த்தவருக்கு அவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். ஒரு ஷாட்கூட கூடுதலாக எடுக்காமல் நான்கு விதமான சந்தி2 கிடைத்துவிடுகிறது. அந்த வித்தியாசம் பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது. முந்தைய தேர்வை நினைவில் வைக்காத தளங்களிலும் இது வேலை செய்யும் என்பதே இந்த அமைப்பை முதன்மையாகப் பரிந்துரைக்கக் காரணம்.

### என்னென்ன பிசகும்

சேரும் காட்சி, அதற்குள் வரும் எல்லா அம்புகளுக்கும் உண்மையாக இருக்க வேண்டும். சந்தி1-இல் மலர், "யாரோட ஃபோனோ தெரியலையே" என்று முணுமுணுத்தால், 1அ வழியாக வந்தவருக்கு அது அபத்தம். அதை வெட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தையும் ஃபோனையும் மாறிமாறிப் பார்க்கவைத்தால் போதும்.

இதைவிட நுட்பமான பிழை முடிவில் ஒளிந்திருக்கும். மு3-இல் மலர் இளைஞனிடம், "ஃபோன் எதுவும் இல்லையே" என்கிறாள். அதே நொடி பைக்குள் மணி அடிக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் நூலகர் திரும்பிப் பார்க்க, மலர் திருடியாகத் தெரிகிறாள் என்று முதலில் எழுதியிருப்போம். 2ஆ வழியில் இது சரி. 2அ வழியில் ஃபோனை அவர்தானே கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்! மு3-க்கு இரண்டு வடிவம் எடுப்பது ஒரு தீர்வு. அதைவிட எளிது, நூலகருக்குப் பதில் ஃபோனின் சொந்தக்காரியையே அங்கே நிறுத்துவது. அவள் வேறொரு ஃபோனிலிருந்து தன் எண்ணுக்கு அழைத்தபடி வாசலுக்கு வருகிறாள், மணி மலரின் பையிலிருந்து கேட்கிறது. எந்த வழியில் வந்தாலும் அவளுக்கு முன்கதை தெரியாது. முரண்பாடு போய்விடுகிறது, முடிவும் முன்னைவிட உறுத்தலாகிவிடுகிறது.

பொருள்களின் கன்டினியூட்டியும் இப்படித்தான். 2அ-வின் கடைசி ஷாட்டில் ஃபோன் கையில், 2ஆ-வில் பையில் என்று இருந்தால் சந்தி2 எதனோடும் ஒட்டாது. இரண்டு கிளிப்பையும் பையின் ஜிப்பை மூடும் ஒரே குளோசப்பில் முடியுங்கள். 2அ-வில் நூலகர் திருப்பித் தந்த பிறகு அவள் பையில் வைக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பிழைகளைப் பிடிக்க ஃப்ளோசார்ட்டைக் கண்ணால் பார்த்தால் போதாது. பன்னிரண்டு வழிகளையும் ஒவ்வொன்றாக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான்கு நிமிடக் கதைக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம். கேமராவை வாடகைக்கு எடுப்பதற்கு முன் செலவிட வேண்டிய முக்கால் மணி நேரம் அது.

## யூடியூபில் போடுவதானால்

வீடியோவின் நடுவே எந்த இடத்திலும் கிளிக் செய்யும் குறிப்புகளை வைக்கும் வசதியை யூடியூப் 2019 ஜனவரியில் முற்றிலும் நீக்கிவிட்டது. இப்போது கிளைக்கு உதவுவது எண்ட் ஸ்க்ரீன், அதாவது வீடியோவின் முடிவில் வேறு வீடியோவுக்குக் கொண்டுபோகும் கிளிக் கட்டங்கள். அது கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் மட்டும் வரும், அதிகபட்சம் நான்கு கட்டங்கள், வீடியோ குறைந்தது 25 விநாடி நீளம் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கானது என்று குறித்த வீடியோவில் எண்ட் ஸ்க்ரீன் வராது. இந்த எல்லைகள் மூன்று அமைப்பையும் மூன்று விதமாகத் தாக்குகின்றன.

முழுக்கிளைக்குத் தொல்லை குறைவு, பதிவேற்றம்தான் அதிகம். ஒற்றைத் தண்டில், 15 விநாடியில் முடியும் குட்டி முடிவுக்கு எண்ட் ஸ்க்ரீனே போட முடியாது. திரும்பிப்போக வழி வேண்டுமானால் ஏன் தவறு என்ற விளக்கத்தைச் சேர்த்து 25 விநாடியாவது ஆக்க வேண்டும்.

பிரிந்து சேரும் அமைப்பில் சிக்கல் சேரும் அம்பு. 1அ முடிந்து சந்தி1-க்குப் போக, தேர்வே இல்லாத இடத்தில் பார்ப்பவரை ஒரு கிளிக் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் செய்யாவிட்டால், தானாக ஓடும் அடுத்த வீடியோ நம்முடையதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே எடிட்டிங்கில் சந்தி1-ஐ 1அ-வின் வாலிலும் 1ஆ-வின் வாலிலும் ஒட்டிவிடுங்கள். சந்தி2-ஐயும் அப்படியே 2அ, 2ஆ இரண்டிலும். எடுப்பது பத்துக் கிளிப், பதிவேற்றுவது எட்டுக் கோப்பு: தொடக்கம், 1அ+சந்தி1, 1ஆ+சந்தி1, 2அ+சந்தி2, 2ஆ+சந்தி2, மூன்று முடிவுகள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பதிவேற்றிய வீடியோவின் கோப்பை அதே முகவரியில் மாற்ற முடியாது. சந்தி1-இல் ஒரு வசனப் பிழை தெரிந்தால் இரண்டு கோப்புகளைப் புதிதாக ஏற்றி, தொடக்கத்தின் எண்ட் ஸ்க்ரீனையும் திருத்த வேண்டும். அதனால் ஏற்றும் வரிசை தலைகீழாக இருக்கட்டும்: முதலில் முடிவுகள், கடைசியில் தொடக்கம். சுட்டவேண்டிய வீடியோ ஏற்கெனவே இருந்தால்தான் எண்ட் ஸ்க்ரீனில் அதைச் சேர்க்க முடியும்.

தேர்வு வரும் ஒவ்வொரு கிளிப்பின் முடிவிலும் 20 விநாடிக் காத்திருப்பு ஷாட் ஒன்றைத் தனியாக எடுங்கள். மலர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், வசனம் இல்லை, கட்டங்கள் விழும் இடத்தில் முகமோ கையோ இல்லை. சந்தி2-இல் மூன்று விடை போக நான்காவது கட்டம் ஒன்று மிச்சம் இருக்கும். தொடக்கத்தையும் ஏற்றி முடித்த பிறகு, அதைத் தொடக்கத்துக்குத் திரும்பப் பயன்படுத்தலாம். விடைகளைத் திரையில் எழுதுவதோடு வீடியோ விவரத்திலும் இணைப்பாகக் கொடுங்கள்.

## நினைவு வைக்கும் கருவி எப்போது தேவை?

பார்ப்பவரின் நினைவு போதாத ஒரு நிலை உண்டு. முந்தைய செயலைப் பொறுத்து ஒரு விடையே தோன்ற வேண்டும் அல்லது மறைய வேண்டும் என்றால், அதைக் கருவிதான் செய்ய முடியும். உதாரணமாக, நூலகரிடம் சொன்னவருக்கு மட்டும் "நூலகரைக் கூப்பிடு" என்ற நான்காவது விடை. கிளைக்கதை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் ட்வைன் என்ற கருவியில், ஹார்லோ என்ற அதன் கதை வடிவத்தில் அது இப்படி:

```
தொடக்கத்தில்:  (set: $nool to false)
2அ-வில்:       (set: $nool to true)
சந்தி2-இல்:    (if: $nool)[ [[நூலகரைக் கூப்பிடு->மு4]] ]
```

முதல் வரியை விட்டுவிட்டால், 2ஆ வழியாக வந்தவருக்கு சந்தி2-இல் பிழைச் செய்தி வரும். 2அ வழியை மட்டும் சோதித்தவர் கண்ணில் அது படவே படாது.

நிரல் எழுத விருப்பமில்லாதவர்கள், மூடுல் என்ற கற்றல் தளத்திலோ வேர்ட்பிரஸிலோ சேர்க்கக்கூடிய H5P என்ற கருவியின் கிளைக்காட்சி வகையைப் பார்க்கலாம். அங்கே கட்டங்களை இழுத்து வைத்தாலே ஃப்ளோசார்ட் உருவாகும். பயிற்சிப் பாடத்தை ஒற்றைத் தண்டாக எடுப்பவருக்கு அதுவே போதும். மலரின் கதையை மூன்று முடிவோடு எடுப்பவர் முதலில் யூடியூபில் எட்டுக் கோப்பாக ஏற்றிப் பார்க்கட்டும். நான்காவது விடை இல்லாமல் கதை நொண்டுகிறது என்று தெரிந்தால் ட்வைனுக்கு மாறலாம். எடுத்த பத்துக் கிளிப்பும் அப்படியே அங்கே பயன்படும், மு4 ஒன்றை மட்டும் புதிதாக எடுத்தால் போதும்.